இரண்டு செல், மூன்று பம்ப்: 125 வாட் சார்ஜிங்கில் வெப்பம் எங்கே போகிறது?

2020 ஜூலையில் ஒப்போ நிறுவனம் 125 வாட் சார்ஜிங் முறை ஒன்றை அறிவித்தது. 4000 எம்ஏஎச் பேட்டரி ஐந்து நிமிடத்தில் 41 சதவீதம் ஏறும், இருபது நிமிடத்தில் முழுதாக நிறையும் என்றார்கள். அடாப்டரிலிருந்து வருவது 20 வோல்ட், 6.25 ஆம்பியர். போனுக்குள் தொடராக இணைத்த இரண்டு செல்கள், அவற்றுக்கு முன்னால், வரும் மின்னழுத்தத்தைப் பாதியாக்கும் மூன்று சார்ஜ் பம்புகள் பக்க இணைப்பில். அதன்பின் வந்த பல அதிவேக போன்களில் இதே அமைப்பின் சாயலைப் பார்க்கலாம். அதனால்தான் இந்த ஒன்றையே எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம் என்று நினைத்தேன்.

"செல்லை இரண்டாகப் பிரித்தால் பேட்டரி சூடாகாது" என்று பலர் எழுதுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்த வடிவமைப்பு புரியும்.

ஒரே செல்லாக இருந்திருந்தால்

லித்தியம் அயனி செல்லின் மின்னழுத்தம் காலியாக இருக்கும்போது மூன்றரை வோல்ட் பக்கம் இருக்கும், நிறையும்போது 4.4 வோல்ட்டைத் தாண்டும். அந்த எல்லையை வேதியியல் தீர்மானிக்கிறது, நாம் மாற்ற முடியாது. அதனால் ஒரே செல்லுக்குள் நூறு வாட்டுக்கு மேல் செலுத்த வேண்டுமென்றால் மின்னோட்டத்தைக் கூட்டுவது ஒன்றுதான் வழி. 125 வாட் என்றால் குறைந்தது 25 ஆம்பியராவது வேண்டும்.

மின்னோட்டம் கடக்கும் ஒவ்வொரு பொருளிலும் வெப்பம் I²R என்ற கணக்கில் உண்டாகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. அந்த 25 ஆம்பியரை 5 வோல்ட்டில் கேபிள் வழியாகவே கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். போக வர கேபிளின் மொத்த மின்தடை 0.1 ஓம் என்றால் கேபிளில் மட்டும் 62.5 வாட் எரியும். பாதி ஆற்றல் வழியிலேயே போய்விடும், கேபிளும் உருகிவிடும். 20 வோல்ட், 6.25 ஆம்பியராகக் கொண்டுவந்தால் அதே கேபிளில் 3.9 வாட்தான், அதுவும் ஒரு மீட்டர் நீளத்தில் பரவி. ஆக, கேபிளில் மின்னழுத்தத்தைக் கூட்டுவது கட்டாயம். இதற்கும் செல் எண்ணிக்கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒரே செல் உள்ள போனிலும் 20 வோல்ட்டை வாங்கி உள்ளே நான்கில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் போனுக்குள் வந்த பிறகுதான் தொடங்குகிறது. மின்னழுத்தத்தைக் குறைத்த இடத்திலிருந்து செல்லின் முனை வரை ஒரு சிறு பாதை இருக்கிறது. சர்க்யூட் போர்டின் செம்புத் தடம், பேட்டரி கனெக்டர், மின்னோட்டத்தை அளக்கும் சிறு ரெசிஸ்டர், பாதுகாப்புக்கான மாஸ்ஃபெட் சுவிட்சுகள், செல்லிலிருந்து வெளியே வரும் உலோகப் பட்டையான டேப். இவை எல்லாம் சேர்ந்து 10 மில்லி ஓம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 25 ஆம்பியரில் அது 6.25 வாட் வெப்பம், விரல் நுனி அளவுள்ள இடங்களில். விசிறி இல்லாத ஒரு போன், கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகாமல் தொடர்ந்து வெளியேற்றக்கூடிய வெப்பமே சில வாட்தான். செல்லுக்குள் உண்டாவதைச் சேர்க்கும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது.

தொடர் இணைப்பு உண்மையில் எதைக் குறைக்கிறது

இப்போது 4000 எம்ஏஎச் செல்லை இரண்டு 2000 எம்ஏஎச் செல்களாக்கித் தொடராக இணைப்போம். மின்னழுத்தம் இரு மடங்காகிறது, அதே ஆற்றலுக்குத் தேவையான மின்னோட்டம் 12.5 ஆம்பியராகப் பாதியாகிறது. இரண்டு செல்களை இணைக்கும் இடத்தில் கூடுதல் மின்தடை வரும். அதனால் பாதையை 12 மில்லி ஓம் என்று எடுத்துக்கொண்டாலும் வெப்பம் 1.9 வாட்தான். 6.25 எங்கே, 1.9 எங்கே! இந்த வடிவமைப்பின் லாபத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

செல்லுக்குள் என்ன ஆகிறது? 4000 எம்ஏஎச் செல்லின் உள் மின்தடை 7.5 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். 25 ஆம்பியரில் 4.7 வாட். அதை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியிலும் மின்முனையின் பரப்பு பாதியாகிறது, ஆகவே உள் மின்தடை 15 மில்லி ஓமாகக் கூடுகிறது. 12.5 ஆம்பியரில் ஒவ்வொன்றிலும் 2.35 வாட், இரண்டிலும் சேர்த்து அதே 4.7 வாட். ஒரு துளியும் குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்பதற்குக் காரணம் எளியது. மின்முனையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பு எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கியதோ, இப்போதும் அவ்வளவையே தாங்குகிறது. லித்தியம் அயனிகளுக்குத் தாங்கள் ஒரு செல்லில் இருக்கிறோமா இரண்டிலா என்பது தெரியாது. 2 ஆம்பியர்-மணி செல்லுக்கு 12.5 ஆம்பியர் என்றால் கொள்ளளவின் எண்ணைப் போல 6.25 மடங்கு, இதைத்தான் 6.25சி வேகம் என்கிறார்கள். அதைத் தாங்கும் செல்லைத் தனியாகச் செய்துதான் ஆக வேண்டும். ஒப்போவின் அறிவிப்பிலும் இவை 6சி செல்கள் என்று குறிப்பிட்டிருந்தார்கள். மெல்லிய மின்முனைப் பூச்சு, அதிகப் பரப்பு, குறைந்த மின்தடையுள்ள எலக்ட்ரோலைட் என்று செல்லை மாற்றினால்தான் அந்த 7.5 மில்லி ஓம் என்ற எண்ணே கிடைக்கும். மெல்லிய பூச்சு என்றால் செம்பும் அலுமினியத் தகடும் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும், கொள்ளளவு குறையும். அதிவேக போன்களின் பேட்டரி சற்றுச் சிறியதாக இருந்ததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், இரண்டு செல்லுக்கும் தனித்தனியே ஓரம் மடித்து ஒட்ட இடம் வேண்டும்.

செல்லில் உண்மையாகக் குறைவது டேப்பில் வரும் வெப்பம். தகட்டிலிருந்து மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் அந்தச் சிறு உலோகப் பட்டை, பெரிய செல்லிலும் சிறிய செல்லிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். 25 ஆம்பியர் இரண்டு பட்டைகளைக் கடப்பதற்குப் பதில் 12.5 ஆம்பியர் நான்கு பட்டைகளைக் கடக்கிறது. கணக்குப் போட்டால் டேப் வெப்பம் பாதியாகும். அப்புறம், வெப்பம் உண்டாகும் இடம் இரண்டாகப் பிரிந்து அகலமான பரப்பில் பரவுகிறது. இவை நல்ல லாபங்கள்தான். ஆனால் "செல் சூடாகாது" என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

மூன்று பம்புகள் எதற்கு

20 வோல்ட்டைப் பத்தாக்கும் வேலையைப் பழைய முறையில் பக் கன்வர்ட்டர் செய்யும். அதில் ஒரு இண்டக்டர் சுருள் உண்டு. 92 சதவீதத் திறன் என்று வைத்தால் 125 வாட்டில் 10 வாட் வெப்பமாகப் போகும். போனில் இதற்கு இடமே இல்லை.

சார்ஜ் பம்ப் வேறு மாதிரி வேலை செய்கிறது. அதில் சுருள் கிடையாது, மின்தேக்கிகளும் சுவிட்சுகளும் மட்டும்தான். முதல் அரைச் சுற்றில் ஒரு மின்தேக்கி பேட்டரியோடு தொடராக நின்று நிறைகிறது. அடுத்த அரைச் சுற்றில் அது பேட்டரிக்குப் பக்கமாக மாறித் தன்னிடம் உள்ளதைக் கொட்டுகிறது. வினாடிக்குப் பல லட்சம் முறை இது நடக்கும்போது, உள்ளே வரும் மின்னழுத்தம் பாதியாகவும் மின்னோட்டம் இரட்டிப்பாகவும் வெளியே வருகிறது. ஒப்போ சொன்ன திறன் 98 சதவீதம். 125 வாட்டில் 2.5 வாட் இழப்பு.

2.5 வாட் சிறியதாகத் தெரியலாம். சில மில்லிமீட்டர் சதுரமுள்ள ஒரே சில்லில் அது உண்டானால், அந்த இடம் மட்டும் கொதிக்கும், மேலே உள்ள கண்ணாடியில் விரல் வைத்தால் சுடும். மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 42 வாட்டைக் கையாண்டு 0.8 வாட் வெப்பத்தை மட்டும் விடும். போர்டில் தள்ளித் தள்ளி வைத்தால் வெப்பம் பரவுகிறது.

பிரிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சுவிட்சின் மின்தடையால் வரும் இழப்பும் I²R தான். மின்னோட்டத்தை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஒன்பதில் ஒரு பங்கு, மூன்றும் சேர்ந்தால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் சுவிட்சைத் திறந்து மூடுவதற்கே ஆகும் இழப்பு மூன்று மடங்காகும். அதனால் மின்னோட்டம் குறைந்த பிறகும் மூன்றையும் ஓட்டுவது வீண். மின்னோட்டம் இறங்க இறங்க ஒவ்வொரு பம்பாக நிறுத்திக்கொண்டு வருவதுதான் சரியான வழி.

இதே தர்க்கத்தைத்தான் 2023-ல் ரியல்மி 240 வாட்டுக்கு நீட்டியது. 20 வோல்ட், 12 ஆம்பியர், இரண்டு 2300 எம்ஏஎச் செல்கள், மூன்று பம்புகள். 2018-ல் வந்த ஒப்போ ஃபைண்ட் எக்ஸ் லம்போர்கினி பதிப்பில் நிலைமை எளிது. 10 வோல்ட், 5 ஆம்பியர், இரண்டு 1700 எம்ஏஎச் செல்கள். 50 வாட்டில் அடாப்டரின் மின்னழுத்தத்தையே செல் ஜோடிக்கு நேராகக் கொடுக்க முடிந்தது. 10 வோல்ட்டிலேயே 125 வாட் வேண்டுமென்றால் கேபிளில் 12.5 ஆம்பியர் ஓட வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் பம்ப் நடுவில் வந்தது.

சார்ஜ் பம்புக்கு ஒரு குறை உண்டு. அதற்குப் பாதியாக்கத் தெரியும், கட்டுப்படுத்தத் தெரியாது. செல் ஜோடி 7.6 வோல்ட்டில் இருந்தால் அடாப்டர் 15.2 வோல்ட்டுக்குச் சற்று மேலே தர வேண்டும், 8.8 ஆனால் 17.6-க்குச் சற்று மேலே. ஆகவே போன் தன் செல்களை அளந்து, "இன்னும் கொஞ்சம் கூட்டு", "போதும், குறை" என்று அடாப்டரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பேச்சு புரியாத அடாப்டரை மாட்டினால் பம்ப் பாதை திறக்காது, பழைய மெதுவான பாதையில்தான் சார்ஜ் ஏறும். பெட்டியில் வந்த அடாப்டரையும் கேபிளையும் மாற்றினால் வேகம் காணாமல் போவது இதனால்தான்.

கவனித்தீர்களா, செல் ஜோடி 8.8 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் வாங்கினாலும் உள்ளே போவது 110 வாட்தான். 125 என்பது அடாப்டரின் மேல் எல்லை.

ஐந்து நிமிடத்தின் வெப்பக் கணக்கு

2 ஆம்பியர்-மணியில் 41 சதவீதம் என்றால் 0.82 ஆம்பியர்-மணி. ஐந்து நிமிடத்தில் அது ஏற வேண்டுமானால் சராசரி மின்னோட்டம் கிட்டத்தட்ட 10 ஆம்பியர். உச்ச மின்னோட்டம் 12.5. அதாவது உச்சத்தில் கொஞ்ச நேரம்தான் நிற்கிறது, உடனே படிப்படியாக இறங்குகிறது. மிச்சமுள்ள 59 சதவீதத்துக்குப் பதினைந்து நிமிடம், அங்கே சராசரி 4.7 ஆம்பியர்தான்.

முதல் ஐந்து நிமிடத்தில் 10 ஆம்பியர் சராசரியில் நம் எண்களைப் போட்டுப் பார்ப்போம். செல்கள் இரண்டும் சேர்ந்து 3 வாட், பாதை 1.2 வாட், பம்புகள் ஒன்றரை வாட். மொத்தம் 5.7 வாட். 300 வினாடிக்கு 1710 ஜூல். 190 கிராம் எடையுள்ள போனை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 170 ஜூல் வேண்டும். எல்லா வெப்பமும் போனிலேயே தங்கினாலும் 10 டிகிரி ஏறும். 25 டிகிரி அறையில் 35 டிகிரி. கையில் பிடிக்கலாம்.

இதே கணக்கை உச்ச மின்னோட்டத்திலேயே இருபது நிமிடம் ஓட்டுவதாகப் போட்டால் என்ன வரும்? செல்களில் 4.7, பாதையில் 1.9, பம்புகளில் 2.5, ஆக 9.1 வாட். 1200 வினாடிக்கு 10,900 ஜூலுக்கு மேல், வெப்பம் வெளியேறவில்லை என்றால் 60 டிகிரிக்கு மேல் ஏற்றம். அது நடக்கவே முடியாது. ஆகவே போன் வெப்பத்தைத் தோற்கடிக்கவில்லை. தன் எடையையே ஒரு வெப்பத் தொட்டியாக வைத்து, முதல் சில நிமிடங்களில் அந்தத் தொட்டியை நிரப்பிக்கொள்கிறது, பிறகு மெல்ல வெளியே விடுகிறது.

ஏற்கெனவே 38 டிகிரியில் இருக்கும் போனை மாட்டினால் தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்கிறது என்று பொருள். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதோ வெயிலில் கிடந்த பிறகோ 125 வாட் ஏன் 30 வாட்டாகச் சுருங்குகிறது என்பதற்கு இதுவே விடை. குளிரில் நேர்மாறான காரணத்தால் வேகம் குறையும். செல்லின் எதிர்மின்முனையான கிராஃபைட் குளிர்ந்திருந்தால் அதற்குள் அயனிகள் விரைவாக நுழைய முடியாமல் மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும், செல்லுக்கு அது நிரந்தரச் சேதம். அதனால் கொஞ்சம் சூடாகும்வரை மின்னோட்டத்தைக் கட்டிவைக்கிறார்கள்.

பயன்படுத்தும்போது வரும் செலவு

போனின் மற்ற பாகங்கள் ஒரு செல்லின் மின்னழுத்தத்துக்காக, அதாவது சுமார் 3.8 வோல்ட்டுக்காக, வடிவமைக்கப்பட்டவை. தொடர் இணைப்பு கொடுப்பதோ 7.6. ஆகவே பேட்டரிக்கும் போனுக்கும் நடுவில் இன்னொரு பாதியாக்கும் சுற்று நாள் முழுக்க ஓட வேண்டும். அதில் இரண்டு மூன்று சதவீதம் போனாலும், அது இருபது நிமிடச் சார்ஜிங்குக்காக நாள் முழுதும் கட்டும் வரி. எனக்குத் தெரிந்தவரை விளம்பரங்கள் பேசாத பகுதி இது.

இந்த வரியைத் தவிர்க்க ஒரு வழி ஒரே செல்லுக்குத் திரும்புவது. 2021 கடைசியில் வந்த சியோமி 12 ப்ரோ 120 வாட்டை ஒரே 4600 எம்ஏஎச் செல்லில் கொண்டுவந்தது. சுருட்டிய நீளத் தகட்டின் ஒரு முனையில் டேப் இருந்தால் மின்னோட்டம் முழு நீளத்தையும் ஓட வேண்டும். டேப்பை நடுவில் வைத்தால் பாதி மின்னோட்டம் ஒவ்வொரு பக்கமும் பாதி நீளம் மட்டுமே ஓடும், தகட்டில் வரும் இழப்பு நான்கில் ஒரு பங்காகும். டேப்புகளைக் கூட்டினால் இன்னும் குறையும். பல டேப் வைத்துச் சுருட்டிய செல்கள் இப்படித்தான் வந்தன. ஆனால் பாதையில் 25 ஆம்பியருக்கு நெருக்கமான மின்னோட்டம் திரும்பி வந்துவிடுகிறது, அதற்காகக் கனெக்டர்களையும் மாஸ்ஃபெட்டுகளையும் இரட்டிக்க வேண்டும். இரண்டு செல் முறை செல்லுக்கு வெளியே தீர்த்த சிக்கலை, இந்த முறை வெளியே விட்டுவிட்டு உள்ளே லாபம் தேடுகிறது.

ஒரு செல் தளர்ந்தால்

தொடர் இணைப்பின் உண்மையான பலவீனம் இரண்டு மூன்று ஆண்டுகளில் தெரியும். இரண்டு செல்லிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் மூப்பதில்லை. ப்ராசஸருக்கோ பம்புகளுக்கோ அருகில் உள்ள செல் எப்போதும் சில டிகிரி கூடுதல் சூட்டில் வாழ்கிறது, அதன் கொள்ளளவு முன்னதாகக் குறையும்.

ஒன்று 1940, மற்றது 1800 எம்ஏஎச் என்று ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறும்போது 1800 செல் முதலில் நிறைந்துவிடும். சுற்று மொத்த மின்னழுத்தமான 8.9 வோல்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், ஒன்று 4.38, மற்றது 4.52 என்றாலும் கூட்டினால் சரியாகத்தான் வரும். தளர்ந்த செல் வரம்பைத் தாண்டி அழுத்தப்பட்டு இன்னும் வேகமாகக் கெடும். அதனால் இரண்டு செல்லுக்கும் நடுவில் இருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, ஒவ்வொன்றையும் தனியே அளந்து, எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அதோடு நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் பெரிய செல்லில் 140 எம்ஏஎச் காலியாகவே கிடக்கும். ஜோடியின் கொள்ளளவு எப்போதும் தளர்ந்ததன் கொள்ளளவுதான்.

சமன் செய்யும் சுற்று இதைச் சரிசெய்யாதா? ஒரு செல் தானாகக் கசிந்து பின்தங்கியிருந்தால் செய்யும். மற்றதிலிருந்து கொஞ்சம் வடித்தோ மாற்றியோ இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும். கொள்ளளவே குறைந்துவிட்ட செல்லுக்கு அதை ஈடுசெய்ய அதனால் முடியாது.

இதை வெளியிலிருந்து அறிய முடியும். சார்ஜ் இறங்கும்போது, மின்னழுத்தம் செங்குத்தாகச் சரியும் விளிம்புக்குத் தளர்ந்த செல்தான் முதலில் வரும். 20 சதவீதம் வரை சீராக இறங்கிய போன், கேமராவைத் திறந்ததும் 9-க்குக் குதித்தால், அல்லது 12-ல் அணைந்து சார்ஜரில் மாட்டியதும் மறுபடி 12 காட்டினால், முதல் சந்தேகம் மொத்தக் கொள்ளளவின் மேல் வரக்கூடாது, ஜோடிக்குள் இருக்கும் வித்தியாசத்தின் மேல் வர வேண்டும். மாற்றும்போது இரண்டு செல்லும் சேர்ந்த தொகுப்பாகவே மாற்ற வேண்டும். பழையதோடு புதியதைக் கோத்தால் வித்தியாசம் முதல் நாளே தொடங்கிவிடும்.

ஆண்ட்ராய்டில் எண்களைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

```
/sys/class/power_supply/battery/current_now
/sys/class/power_supply/battery/voltage_now
```

வழக்கமான ஏற்பாட்டில் இவை மைக்ரோ ஆம்பியரிலும் மைக்ரோ வோல்ட்டிலும் இருக்கும், சில போன்களில் மில்லி அலகில். இரண்டு செல் போன்களில் மின்னோட்டம் தொடர்ச் சுற்றில் ஓடுவது, ஆனால் மின்னழுத்தம் பல சமயம் ஒரு செல்லினுடையது. இரண்டையும் அப்படியே பெருக்கினால் உண்மையில் பாதி வாட்தான் வரும், கொள்ளளவைக் கணிக்கும் செயலியும் 4000-க்குப் பதில் 2000 என்று காட்டும். 4 வோல்ட், 10 ஆம்பியர் என்று பார்த்துவிட்டு "40 வாட்தான் ஏறுகிறது" என்று புகார் செய்யும் முன், உங்கள் போனின் பேட்டரி மேல் உள்ள ஒட்டுத்தாளையோ நிறுவனத்தின் விவரப்பட்டியலையோ பாருங்கள். மின்னழுத்தம் 7.7 பக்கம் அச்சிட்டிருந்தால், நீங்கள் பார்த்த 40-ஐ இரண்டால் பெருக்க வேண்டும்.